சிறுநீர்க் குப்பிக்குள் சிக்காத நோய்

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் முன்னாள் தொழிலாளர்களுடைய சிறுநீரில் பாதரசம் இயல்பான அளவில் இருக்கிறதாம். ஆகவே பாதிப்பு என்பதே கட்டுக்கதையாம். இப்படித் தீர்ப்பு எழுதியிருக்கும் கட்டுரையாளருக்கு முதலில் ஒரு கேள்வி: அந்தச் சிறுநீர் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது?

ஆலை 2001-இல் மூடப்பட்டது. சிறுநீரில் வெளியேறும் பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். வேலையை விட்ட அன்று 100 என்று இருந்த அளவு, ஓராண்டில் ஆறு முறை பாதியாகி 2-க்கும் கீழே போய்விடும். அந்தப் பரிசோதனை அண்மை மாதங்களில் எவ்வளவு பாதரசம் உடலில் சேர்ந்தது என்பதை மட்டுமே சொல்லும். ஆலை ஓடிக்கொண்டிருந்தபோது அது அவசியமான சோதனைதான். ஆனால், மூச்சோடு உள்ளே போன ஆவி மூளையில் செய்துவிட்டுப் போன சேதத்தை, ஆண்டுகள் கழித்து எடுத்த குப்பி எப்படிக் காட்டும்? தடயம் அழியும்வரை காத்திருந்து, பிறகு தடயமே இல்லை என்று அறிவிப்பது யாருக்கு லாபம்?

அதே கட்டுரையில், பாதரசத்தை வெளியேற்றும் மருந்து கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதுகிறார். அளவு இயல்பு என்றால் எதை வெளியேற்றப் போகிறார்? அந்த மருந்தைக் கொடுத்தால் சிறுநீரில் பாதரசம் ஏறும், நோயாளியும் விஷம் இறங்குவதாக நம்புவார். நடுங்கும் கை நின்றதா என்பதல்லவா கேள்வி? அளவு குறைவதும் நோய் குணமாவதும் வேறு என்று காட்டிய ஆய்வு ஒன்று 2001-இல் அமெரிக்காவில் வெளியானது; அது இன்னொரு உலோகமான ஈயத்தைப் பற்றியது. 780 குழந்தைகளில் ஒரு பாதிக்கு சக்சிமர் என்ற மருந்தும், மறுபாதிக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களின் ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவுத்திறன் சோதனையில் அவர்கள் ஒரு படிகூட முந்தவில்லை. ஆய்வகத் தாள் குணமானது, குழந்தை குணமாகவில்லை.

கடைசியாக அவர் நீட்டும் ஆயுதம்: ஏதேனும் ஒரு உபாதை உள்ளவர்களைக் கூட்டிப் பார்த்தால், தொழிலாளர்களுக்கும் ஊராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எதோடு கூட்டினார்? ஒரு கணக்குக்காக இரு தரப்பிலும் நூறு பேர் என்று வைப்போம். சளி, கால்வலி என்று இரு பக்கமும் 60 பேர். கைநடுக்கமோ ஊரில் 2, ஆலையில் 12. நடுங்குபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே அந்த 60-க்குள் இருப்பார்கள். கூட்டினால் 61-க்கு 65! ஆறு மடங்கு வித்தியாசம் சளிக்குள் புதைந்துவிட்டது. மலைக்குளிரில் யாருக்கும் வரும் தும்மலையும் சிறுநீரகச் செயலிழப்பையும் ஒரே எடையில் நிறுத்தும் தராசு, அறிவியல் தராசு அல்ல.

2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஆலையை நடத்திய நிறுவனம் உடன்பாடு கண்டது. அதனால் மருத்துவக் கேள்விக்கு விடை வந்துவிடவில்லை. உண்மையில் விடை வேண்டுமென்றால் விரல்நடுக்கம், நினைவாற்றல், சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயலிழப்பு, மரணம் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும். யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்பதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இதில் ஒன்றைக்கூடக் கேட்காமல் தீர்ப்பு எழுத உங்களை அவசரப்படுத்தியது எது, ஐயா?