குப்பைத்தொட்டியின் சாவி யாரிடம்?

எங்கள் நண்பர் குழுவில் நாலு பேர் சேர்ந்து பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்துகொண்டிருந்தோம். மொத்தம் 62 இதழ்கள், இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள். எல்லாமே ஒரு நண்பரின் சொந்த கூகுள் டிரைவில் அவர் திறந்த ஃபோல்டரில் இருந்தன. நாலு பேருக்கும் எடிட் உரிமை. ஒருநாள் அவருடைய 15 ஜிபி நிரம்பி மெயில் வருவது நின்றுபோனது. அவசரத்தில் பெரிய ஃபோல்டராகப் பார்த்து அழித்தார். குப்பையில் கிடந்தாலும் அது இடத்தை அடைக்கும் என்பதால் தொட்டியையும் காலி செய்தார்.

"உங்க யார்கிட்டயாவது இன்னொரு காப்பி இருக்கும்னு நெனச்சேன் மச்சி" என்றார். யாரிடமும் இல்லை.

குழுவில் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. திட்ட வேண்டியது அந்த ஏற்பாட்டை. அதைச் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அலுவலகத்தில் இப்படி ஓர் அமைப்பை யாராவது காட்டியிருந்தால் கிழித்திருப்பேன். நண்பர்கள் என்றதும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சொந்த டிரைவில் கோப்பு யாருக்குச் சொந்தம்? ஏற்றியவருக்கு. ஃபோல்டர் யாருடையது என்பது வேறு கேள்வி. எடிட் உரிமை மட்டும் உள்ள நான் அவருடைய ஸ்கேனை அந்த ஃபோல்டரிலிருந்து நீக்கினாலும் அது அழியாது, அவரிடமே இருக்கும். அவரே அழித்தால் அது அவருடைய தொட்டிக்குப் போகும், 30 நாளில் தானாக மறையும். தொட்டியை அவர் காலி செய்துவிட்டால் அந்த 30 நாளும் கிடையாது. நாலு பேரின் உழைப்புக்கு ஒரே ஒரு தொட்டி, அதன் சாவி ஒருவரிடம். பகிர்ந்தோம் என்று நினைத்தோம். பகிர்ந்தது பார்க்கும் உரிமையை மட்டும்தான்.

இதே விதிதான் பாதி காப்பாற்றியது. மற்ற மூவர் ஏற்றியவை எங்களுக்கே சொந்தம் என்பதால் அழியவில்லை. ஃபோல்டர் போனதால் வீடற்றுத் திரிந்தன. டிரைவ் தேடல் பெட்டியில் இப்படித் தட்டினோம்:

```
is:unorganized owner:me
```

எந்த ஃபோல்டரிலும் இல்லாத, எனக்குச் சொந்தமான கோப்புகளை இது காட்டும். மூவரிடமும் சேர்த்து 23 இதழ்கள் கிடைத்தன. அவர் ஏற்றிய 39 போயே போய்விட்டன.

"நமக்குள்ள எதுக்குங்க இந்த ரூல்ஸ் எல்லாம்?" என்று ஒரு தோழர் கேட்டார். இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். அவர் துரோகி இல்லை, நல்லவர். நல்லவர்தான் இன்பாக்ஸ் நிரம்பிய பதற்றத்தில் அழித்தார். விதிகள் கெட்டவனைத் தடுக்க மட்டுமல்ல, நல்லவனின் மோசமான மதியத்தைத் தாங்கவும்தான்.

என் வாதம் எளியது. 'அழித்தல்' என்று ஒரே சொல்லில் நாம் சொல்வது இரண்டு வேலைகள். குப்பையில் போடுவது ஒன்று, குப்பையைக் கொட்டுவது இன்னொன்று. முதலாவதைத் தாராளமாகக் கொடுங்கள். தப்பு செய்தால் திரும்ப எடுக்கலாம். இரண்டாவதை ஒன்றிரண்டு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். நிறுவனக் கணக்குகளில் கிடைக்கும் ஷேர்ட் டிரைவ் இப்படித்தான் பிரிக்கிறது. அங்கே கோப்பு ஆளுக்குச் சொந்தமில்லை, டிரைவுக்குச் சொந்தம். Contributor சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்க முடியாது. Content manager குப்பைக்கு அனுப்பலாம். நிரந்தரமாக நீக்க Manager வேண்டும். அப்படி நீக்கிய பிறகும் நிறுவனத்தின் நிர்வாகி 25 நாட்களுக்குள் மீட்க முடியும்.

அப்படியானால் யாருமே எதையும் நிரந்தரமாக அழிக்கக் கூடாதா? கூடாது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஸ்கேன்களில் ஓர் எழுத்தாளரின் சொந்தக் கடிதமும் இருந்தது. அவர் குடும்பம் நீக்கச் சொன்னால் 30 நாள் தொட்டியில் வைத்திருப்பது மரியாதை இல்லை. அன்றே கொட்ட வேண்டும். ஆனால் இரண்டு பேர் சம்மதித்து, எதை, ஏன், யார் என்று ஒரு வரி எழுதிவைத்து.

எங்களுக்கு நிறுவனக் கணக்கு இல்லை. அதனால் இப்போது மாதம் ஒருமுறை முழு ஃபோல்டரையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இறக்குகிறோம். அது டிரைவோடு சிங்க் ஆகாத டிஸ்க். சிங்க் ஆனால் அழிப்பும் கூடவே வந்துவிடும். டிஸ்க் இருப்பது டிரைவின் சாவி இல்லாத தோழரிடம். மாதம் ஒரு டம்மி கோப்பை ஒருவர் அழிப்பார், இன்னொருவர் மீட்டுக் காட்டுவார். போன மாதம் மீட்க முடியவில்லை. டிஸ்கில் இறக்கிய ஜிப் பாதியில் நின்றிருந்தது. டம்மியோடு போயிற்று.

அந்த 39 இதழ்களில் 11 இதழ்களின் அச்சுப் பிரதியைக் கொடுத்த பெரியவர் இப்போது இல்லை. வீட்டைக் காலி செய்தபோது காகிதங்களை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அந்தத் தொட்டிக்கு 30 நாள் கிடையாது.