தேயிலை புளிப்பதில்லை

மசினகுடியில் தேயிலை கிடையாது. மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிற ஊர். முள்காடு, மாடு, ஜீப் சவாரி, இவ்வளவுதான். தேயிலையைப் பார்க்க வேண்டுமென்றால் கல்லட்டி கொண்டையூசி வளைவுகளில் ஏறி ஊட்டிப் பக்கம் போகணும், இல்லையென்றால் தெப்பக்காடு வழியாகக் கூடலூர் போகணும். கூடலூர்ப் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலை இருக்கிறது. சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கிற இடம். அங்கிருந்து போன வருஷம் ஒரு வேலை வந்தது. இயந்திரத்தோடு வந்த ஆங்கிலக் குறிப்பு ஆறு பக்கம். வாட்டுவது, உருட்டுவது, பெர்மென்ட் பண்ணுவது என்று மூன்று பகுதி. புதிதாகச் சேர்கிற உதவியாளர்களுக்குத் தமிழில் வேண்டும் என்றார்கள்.

ஏற்கெனவே ஒரு தமிழாக்கம் இருந்தது. லேமினேட் செய்து சுவரில் ஒட்டியிருந்தார்கள். தலைப்புகள் மூன்று: ‘உலர்த்தல்’, ‘உருட்டல்’, ‘புளிக்க வைத்தல்’. அதை யாரும் படிப்பதில்லை என்று டீமேக்கர் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “படிக்காம இருக்கிற வரைக்கும் நல்லதுதான்” என்றார்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றியது. தவறான மொழிபெயர்ப்பு வாசகனுக்குச் சலிப்பு தரும் என்று இலக்கியத்தில் பேசிக்கொள்கிறோம். இங்கே அது 100 கிலோ இலையைக் கெடுக்கும். கெட்டதற்கான திட்டு, படித்ததை நம்பி அப்படியே செய்தவருக்கு விழும்.

முதல் பகுதியிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ‘70 சதவீதம் வாட்டவும்.’ ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள், இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற 20 வயசுப் பையனுக்கு என்ன புரியும்? 70 பங்கு தண்ணீரை எடுக்கணும் என்றுதான் புரியும். தொழிற்சாலைக் கணக்கில் அந்த எண்ணுக்குப் பொருள் வேறு: 100 கிலோ பச்சை இலை போட்டால், வாடிய பிறகு தராசில் 70 கிலோ நிற்கணும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ பச்சை இலையில் சுமார் 78 கிலோ தண்ணீர், 22 கிலோ உலர்பொருள். 70 கிலோவாகக் குறையும்போது தண்ணீர் 48 கிலோ. அதாவது ஈரம் 69 சதவீதம் பக்கம். சி.டி.சி. இயந்திரத்துக்கு இந்த ஈரம்தான் தேவை. இப்போது பையனின் வாசிப்பு. 78 கிலோ தண்ணீரில் 70 சதவீதத்தை எடுத்தால் மிஞ்சுவது 23 கிலோ சொச்சம். மொத்த எடை 45 கிலோ. ஈரம் 52 சதவீதத்துக்கு வந்துவிடும். அந்த இலை ரோலரில் சூடேறி, செதில் செதிலாக உதிரும். ஒரே வரி, இரண்டு வாசிப்பு, நடுவில் 25 கிலோ வித்தியாசம்.

சரி, ‘100 கிலோ 70 கிலோவாகும் வரை’ என்று எழுதிவிட்டால் போதுமா? நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். டிரஃபில் இலை பரப்புகிற அக்கா ஒருத்தர் கேட்டார்: “மழை நாள்ல என்ன தம்பி பண்றது? இலையோட தண்ணியும்தான் எடையில வருது.” கூடலூர் மழைக்கு இது நியாயமான கேள்வி. நனைந்த இலை 100 கிலோவில் உலர்பொருள் 18 கிலோதான் என்றால், அதே 70 சதவீத ஈரத்துக்கு எடை 60 கிலோவுக்கு இறங்கணும். 70-இல் நிறுத்தினால் பச்சை இலை மாதிரியே ரோலருக்குள் போகும். எண் மட்டும் உதவாது, கை வேண்டும். ஒரு பிடி இலையை இறுக்கி விட்டால் உருண்டையாக நின்று மெதுவாக விரியணும். காம்பை மடக்கினால் சத்தமில்லாமல் மடங்கணும், பட்டென்று ஒடியக்கூடாது. இதை ஆங்கிலக் குறிப்பு சொல்லவில்லை. தமிழ்க் குறிப்பு சொல்லியாக வேண்டும்.

தலைப்பும் சிக்கல்தான். ‘உலர்த்தல்’ என்று போட்டால் கடைசியில் டிரையரில் நடக்கிற வேலைக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ‘வாட்டுதல்’ கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் நம் வீட்டில் வாழையிலையை வாட்டுவது அனலில். அந்தப் பழக்கத்தில் சூடான காற்றை வேகமாக விட்டால் ஈரம் சீக்கிரம் போய்விடும், இலைக்குள் பல மணி நேரம் எடுத்து நடக்கவேண்டிய ரசாயன மாற்றம் நடக்காது. கடைசியில் நான் எழுதியது: ‘இலை தானாக வாட விடுதல்’. பூ வாடுகிற வாடல், இலையைக் காய்ச்சுகிற வாட்டல் இல்லை.

இரண்டாவது பகுதி, உருட்டல். சொல்லைக் கேட்டதும் கொழுக்கட்டைதான் ஞாபகம் வருகிறது. பழைய ஆர்த்தடாக்ஸ் மேஜையில் இலை முறுக்கப்படுகிறது. அசாமில் 1930-களில் மெக்கர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி.யில் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு பல்லுருளைகளுக்கு நடுவே இலை நறுங்கி, கிழிந்து, சுருள்கிறது. இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான்: இலையின் செல்களை உடைத்து உள்ளே தனித்தனியாக இருந்த சாறுகளை ஒன்றோடொன்று கலக்கவிட்டு, காற்றில் படவைப்பது. இதைச் சொல்லாவிட்டால் அடுத்த பகுதி புரியாது. ஏனென்றால் பெர்மென்டேஷன் அதற்கான அறையில் தொடங்குவதில்லை. முதல் வெட்டு விழுந்த நொடியில், ரோலரிலேயே தொடங்கிவிடுகிறது. அறைக்கு வந்த பிறகு கடிகாரம் பார்ப்பவர் ஏற்கெனவே சில நிமிஷங்களைத் தொலைத்துவிட்டார்.

இப்போது அந்த மூன்றாவது தலைப்பு. ‘புளிக்க வைத்தல்.’

நமக்குப் புளிப்பது என்றால் மாவு. மாவு புளிக்க நாம் என்ன செய்கிறோம்? பானையில் குவித்து, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, மறந்துவிட்டுத் தூங்கப் போகிறோம். ஊட்டிக் குளிரில் அடுப்புப் பக்கத்தில் வைப்போம். இந்த ஒவ்வொரு செயலும் அரைத்த தேயிலைக்கு எதிரி. அதைப் பரப்பணும், குவிக்கக்கூடாது. தரையில் பரப்பினால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளணும். காற்றுப் படணும். அறை ஈரமாக இருக்கணும், ஆனால் குளிர்ச்சியாக. இலைக் குவியல் தானே சூட்டை உண்டாக்கும், 30 டிகிரியைத் தாண்டினால் தேநீரின் பளிச்சென்ற நிறமும் நாக்கைத் தட்டுகிற விறுவிறுப்பும் போய்விடும். மறந்துவிட்டுத் தூங்கவும் முடியாது. சி.டி.சி.க்குப் பெரும்பாலும் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான்.

ஏன் இப்படி? இது புளிப்பே இல்லை என்பதால். கிருமிக்கு இதில் வேலை கிடையாது. இலைக்குள்ளேயே இருக்கிற நொதி, காற்றிலிருக்கிற ஆக்ஸிஜனைக் கொண்டு இலையின் சாற்றை மாற்றுகிறது. ஈஸ்ட் வேலை மாதிரி ஏதோ நடக்கிறது என்று ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் நினைத்து வைத்த பெயர்தான் பெர்மென்டேஷன். 1900-களின் தொடக்கத்திலேயே ஹெரால்டு மான் இந்தியாவில் ஆய்வு செய்து, இது இலையின் சொந்த நொதி செய்யும் வேலை என்று எழுதிவிட்டார். ஆங்கிலம் தன் தவறான பெயரைப் பழக்கத்தால் வைத்துக்கொண்டது. நாம் அந்தத் தவறையும் சேர்த்து மொழிபெயர்த்திருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலையில் உண்மையான புளிப்பும் உண்டு. தரையையும் தட்டையும் சரியாகக் கழுவாமல் விட்டால் பழைய சாற்றில் பாக்டீரியா வளரும், புளித்த வாடை வரும். அது பழுது. ஆக, எது நடக்கக்கூடாதோ அதன் பெயரை நடக்கவேண்டியதற்குத் தலைப்பாக வைத்திருக்கிறோம். அந்தத் தாளை நம்பிப் படித்தவர் புளித்த வாடை வந்ததும் ‘சரியாத்தான் போகுது’ என்று நினைப்பார். டீமேக்கர் அண்ணன் சிரிப்பை நிறுத்தியது இதற்காகத்தான்.

‘நொதித்தல்’ என்று போட்டிருக்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். சொற்பிறப்பைப் பார்த்தால் ஆங்கிலத்தைவிடச் சரியான சொல்தான், நொதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பள்ளிப் புத்தகம் நொதித்தல் என்று சொல்லிக்கொடுத்தது ஈஸ்டையும் ஆல்கஹாலையும். பத்தாம் வகுப்பு படித்தவர் மனசில் அதுதான் நிற்கிறது. சொல் சரியாக இருந்து வாசிப்பு தவறாகப் போனால், அந்தச் சரியால் யாருக்கு என்ன பயன்?

‘அப்போ பெர்மென்டேஷன்னே விட்டுடு’ என்பது இன்னொரு கட்சி. இதுவும் சோம்பல்தான். உதவியாளர்கள் “பெர்மென்டிங்ல போடு” என்கிறார்கள், அவர்களுக்கு அது ஓர் இடத்தின் பெயர். இடத்தின் பெயராக இருக்கட்டும், நானும் அப்படியே விட்டேன். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு அந்தச் சொல் எதுவுமே சொல்வதில்லை.

விடை சமையலறையிலேயே இருந்தது, வேறொரு பாத்திரத்தில். கத்தரிக்காயை நறுக்கியதும் ஏன் தண்ணீரில் போடுகிறோம்? வெட்டுப்பட்ட இடம் காற்றுப் பட்டுக் கருத்துவிடும் என்று. தேயிலையில் நடப்பதும் அதே வகை நொதியின் வேலைதான். அங்கே தடுக்கிறோம், இங்கே வேண்டுமென்றே விட்டுப் பார்த்து, சரியான நேரத்தில் டிரையர் சூட்டில் நிறுத்துகிறோம். நான் எழுதிய தலைப்பு: ‘நிறம் மாற விடுதல்’. அதன் கீழே முதல் வரி: ‘நறுக்கிய கத்தரிக்காய் கருப்பது போல, மாவு புளிப்பது போல அல்ல.’ அதை அந்த அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “அட, அப்ப மூடக்கூடாதுல்ல” என்றார். ஆறு பக்கத்தில் எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனம் இது. போதும்.

கடைசியாக ஒரு சின்ன வலை. ஆங்கிலக் குறிப்பில் ‘தூள்’ என்றே ஒரு சொல் வரும். நம் பக்கத்திலிருந்து ஆங்கிலேயத் தொழிற்சாலைக்குப் போன சொல். அங்கே அதற்கு அர்த்தம், அரைபட்டு இன்னும் காயாத ஈர இலை. பழைய தமிழாக்கம் சந்தோஷமாக ‘தூள்’ என்றே திருப்பி எழுதியிருந்தது. ஆனால் நம் ஊரில் தூள் என்றால் கடையில் பாக்கெட்டில் விற்பது. ‘தூளின் வெப்பநிலையை அளக்கவும்’ என்று படித்தவர் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு டிரையரின் வாய்க்குப் போவார், அங்கே அளந்து எதையும் காப்பாற்ற முடியாது. ‘ஈரத்தூள்’ என்று மூன்று எழுத்து சேர்த்தேன். நம்முடைய சொல்லே ஆனாலும் திரும்பி வரும்போது அடையாள அட்டை கேட்கணும்.

கலைச்சொல் வளர வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேஜையில் அகராதியைத் திறந்து வளர்க்காதீர்கள் என்கிறேன். அந்தச் சொல்லைப் படித்த கை அடுத்து எதைத் தொடும் என்று தெரியாதவருக்கு இந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. எனக்கும் தெரியாமல்தான் போனேன். டிரஃப் பக்கத்தில் மூன்று நாள் நின்ற பிறகுதான் எழுத வந்தது.

பழைய தாளை இன்னும் சுவரிலிருந்து எடுக்கவில்லை. புதியதை அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தில் ‘புளிக்க’ என்று பாதி எழுத்து இன்னும் தெரிகிறது.