டார்கெட் டார்கெட்தானா?

"மார்க்கெட் விழுந்தால் எனக்கென்ன? டார்கெட் டார்கெட்தான்." விற்பனைத் துறையில் இந்தப் பேச்சுக்குக் கண்டிப்பு என்ற நல்ல பெயர் உண்டு. சந்தைக்கேற்ப வேலை மதிப்பீட்டைத் திருத்தினால் சோம்பேறிகள் தப்பிவிடுவார்களாம். உண்மையில், திருத்தாவிட்டால்தான் தப்பிக்கிறார்கள்.

தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்துப் பண்ணைகளுக்கு இறால் தீவனம் விற்பவர்களைப் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்தது. நம் இறாலை அதிகம் வாங்கிவந்த நாடே அதுதான். விலை சரியும் என்று அஞ்சும் பண்ணைக்காரர் குளத்தைக் காயப்போடுவார், அல்லது குஞ்சைக் குறைத்து விடுவார். குஞ்சு விடாத குளத்துக்கு எந்தக் கெட்டிக்காரரும் தீவனம் விற்க முடியாது.

ஆகவே, பழைய இலக்கை விட்டுவிட்டு, விட்ட குஞ்சிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். ஒரு லட்சம் குஞ்சில் 80 ஆயிரம் பிழைத்து, தலா 20 கிராம் வளர்ந்தால் 1,600 கிலோ இறால். கிலோவுக்கு 1.4 கிலோ தீவனம் என்றால் தேவை ஏறத்தாழ 2.2 டன். பகுதிவாரியாக இப்படிக் கூட்டினால் அங்கே எவ்வளவு விற்க முடியும் என்பது தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். இரண்டு பகுதிகள், இரண்டிலும் வழக்கமான தேவை 400 டன், இருவருக்கும் இலக்கு 100 டன். முதலாமவர் 60 விற்றார், இரண்டாமவர் 65. பழைய கணக்கில் இரண்டாமவரே மேல். ஆனால் முதல் பகுதியின் தேவை 200 டன்னாகச் சரிந்துவிட்டது; அதில் 60 என்பது 30 சதவீதம். இரண்டாம் பகுதியின் தேவை 325 டன். 65 என்பது 20 சதவீதம். எதிர்பார்த்ததோ 25. ஒருவர் போட்டியாளரின் வாடிக்கையைப் பிடித்திருக்கிறார், மற்றவர் இருந்ததையும் விட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே ‘சராசரி’ போட்டு அனுப்பும் இரக்கமும் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும்.

இந்தக் கணக்கிலும் ஏமாற்ற வழி உண்டு. கடனை அள்ளிக்கொடுத்துப் பங்கைக் கூட்டலாம். மாதக் கடைசியில் டீலர் குடோனில் மூட்டைகளை அடுக்கலாம். ஆகவே 90 நாளைத் தாண்டிய பாக்கியைக் கழித்துவிட்டு, குடோன் இருப்பை நேரில் எண்ண வேண்டும். கடற்கரை ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் திரும்பிவரும் தீவனம் விற்பனையாகாது.

"லாபமே இல்லை, போனஸுக்கு எங்கே போவது?" என்பார்கள். போனஸ் தொகையைக் குறைக்கட்டும். அது கல்லாப்பெட்டியின் நிலவரம். மதிப்பீடு ஒருவருடைய வேலையின் தரம். இரண்டையும் முடிச்சுப் போட்டால் திறமைசாலிதான் முதலில் வேறு கம்பெனிக்குப் போவார்.

குளங்கள் நிரம்பும் ஆண்டில் 120 டன் விற்றவரையும் இதே கணக்கில் நிறுத்துங்கள். தேவை 600 டன்னாக இருந்தால் அவருக்குக் கிடைப்பது 20 சதவீதம்தான். "டார்கெட் டார்கெட்தான்" என்று அன்றைக்கு மன்றாடப்போவது யார் என்று பார்ப்போம்.