பி.சி.ஓ.எஸ். பெண்களும் ஒரு டப்பா வெள்ளைப் பொடியும்

க்ரியேட்டின் பற்றி நம் ஊர்ப் பெண்களிடம் இரண்டு வகை ஆட்கள் பேசுகிறார்கள். ஒருவர் பொடி விற்பவர். "பி.சி.ஓ.எஸ். இருக்கா? இன்சுலின் எதிர்ப்பு இருக்கா? தினமும் ஒரு ஸ்பூன், எல்லாம் சரியாயிடும்" என்பார். இன்னொருவர் பயமுறுத்துபவர். "ஐயையோ, அது ஸ்டீராய்டும்மா, முடி கொட்டும், கிட்னி போயிடும்" என்பார். இவர் பெரும்பாலும் சித்தியாகவோ ஜிம் மாஸ்டராகவோ, சில சமயம் டாக்டராகவோ கூட இருப்பார். இரண்டு பேர் சொல்வதும் தவறு என்பதே என் கட்சி. அதைவிட எனக்குக் கோபம் வரவைப்பது, நடுவில் கிடக்கும் கனமான இரும்பைப் பற்றி இருவருமே வாய் திறக்காததுதான்.

முதலில் பி.சி.ஓ.எஸ்.ஸுக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்போம். இந்தப் பிரச்சினை உள்ள பெண்களில் பலருக்கு, ஒல்லியாக இருப்பவர்களுக்கும் கூட, இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. உடல் எடையைத் தனியாகக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த எதிர்ப்பு இருக்கிறது என்று 1989-லேயே ஆண்ட்ரியா டுனைஃப் குழுவினர் காட்டிவிட்டார்கள். சொன்னதைக் கேட்கவில்லையே என்று கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் தயாரிப்பதையும் அது குறைக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி, பரு எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இன்சுலின் சொல்லி இரத்தத்திலிருந்து வெளியேறும் சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச் சேரும் இடம் தசை. தசையின் சுவரில் குளூட்-4 என்ற கதவு இருக்கிறது. சாதாரணமாக இன்சுலின் தட்டினால் அது திறக்கும். தசை சுருங்கி வேலை செய்யும்போதோ, இன்சுலின் தட்டாமலே திறக்கும். முன்கதவுப் பூட்டு துருப்பிடித்த வீட்டுக்குப் பின்கதவு மாதிரி. 2023-ல் வந்த சர்வதேச பி.சி.ஓ.எஸ். வழிகாட்டுதல், வாரத்தில் அடுத்தடுத்து வராத இரண்டு நாட்கள் தசை வலுப்பயிற்சி செய்யச் சொல்கிறது. நம் ஊரில் எத்தனை டாக்டர்கள் இதை எழுதித் தருகிறார்கள்? "வெயிட் குறைம்மா, வாக்கிங் போ" என்பதோடு சீட்டு முடிந்துவிடுகிறது.

சரி, இதில் க்ரியேட்டின் எங்கே வருகிறது? கனமான எடையைத் தூக்கும் முதல் பத்துப் பதினைந்து விநாடிகளுக்குத் தசை செலவழிப்பது ஒரு சில்லறை இருப்பு. அந்தச் சில்லறையை உடனுக்குடன் மாற்றித் தருவது க்ரியேட்டின் பாஸ்பேட். இருப்பு கூடினால், 20 கிலோவோடு எட்டு முறை உட்கார்ந்து எழுந்தவள் ஒன்பதாவது, பத்தாவது முறையும் எழுவாள். அவ்வளவுதான் அது தரும் உபகாரம். மாதக்கணக்கில் சேரும் அந்தக் கூடுதல் முறைகள்தான் கொஞ்சம் கூடுதல் வலிமையாக, தசையாக மாறுகின்றன. (பெண்களுக்குக் கிடைக்கும் கூடுதல் தசை ஆண்களைவிடக் குறைவு. டப்பாவில் இதை அச்சடிக்க மாட்டார்கள்.) ஷேக்கரில் கலக்கிக் குடித்துவிட்டு ட்ரெட்மில்லில் நாற்பது நிமிடம் நடப்பவளுக்கு அந்தப் பொடியால் ஆகப்போவது ஏதுமில்லை. நடையில் அந்தச் சில்லறைக்கு வேலையே இல்லை.

விற்பவர்கள் காட்டும் ஆதாரத்தையும் பார்த்துவிடுவோம். 2011-ல் பிரேசிலில், இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ள 25 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். தினம் 5 கிராம் க்ரியேட்டின் எடுத்தவர்களின் மூன்று மாத சராசரி சர்க்கரை 7.4-லிருந்து 6.4-க்கு இறங்கியது. வெற்றுப்பொடி எடுத்தவர்களுக்கு 7.5, 7.6 என்று அப்படியே நின்றது. பிரமாதம்தான். ஆனால் இரண்டு குழுவும் 12 வாரமும் உடற்பயிற்சி செய்தது என்ற வரி விளம்பரத்தில் காணாமல் போய்விடுகிறது. பயிற்சியே இல்லாமல் க்ரியேட்டின் மட்டும் கொடுத்துப் பார்த்த 2003-ஆம் வருட ஆய்வில் ஆண்களின் இன்சுலின் உணர்வு மாறவேயில்லை. இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் பி.சி.ஓ.எஸ். பெண்கள் அல்ல. இதை வைத்துக்கொண்டு "பி.சி.ஓ.எஸ். ஸ்பெஷல்" என்று ரோஸ் கலர் டப்பாவில் அடைத்து விற்பதை வியாபாரம் என்று வேண்டுமானால் சொல்லலாம், மருத்துவம் என்று சொல்லக்கூடாது.

இப்போது பயமுறுத்துபவர்கள் பக்கம். முடி கொட்டும் என்ற கதைக்கு மூலம் 2009-ல் தென்னாப்பிரிக்காவில் 20 ரக்பி வீரர்களிடம் நடந்த ஒரே ஒரு ஆய்வு. முதல் வாரம் தினம் 25 கிராம் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் மாறவில்லை. அதிலிருந்து உருவாகும் டி.ஹெச்.டி. மட்டும் பாதிக்கு மேல் கூடியது, அதுவும் இயல்பான வரம்புக்குள்ளேயே. யாருடைய முடியையும் யாரும் எண்ணவில்லை! 2025-ல் வெளியான இன்னொரு ஆய்வில் ஆண்களுக்கு 12 வாரம் தினம் 5 கிராம் கொடுத்து, டி.ஹெச்.டி.யோடு முடியையும் அளந்தார்கள். வெற்றுப்பொடி எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதுவும் ஆண்களிடம் நடந்ததுதான். அதனால் முகத்தில் முடி அதிகம் உள்ள ஒரு பெண் தயங்கினால் அந்தத் தயக்கத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் 2009-ஆம் வருடத்து ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து "ஆம்பளை ஆயிடுவ" என்று மிரட்டுபவரைக் கட்டாயம் கேலி செய்வேன் :-)

கிட்னி சமாச்சாரம் இதைவிடச் சுவாரசியம். க்ரியேட்டின், க்ரியேட்டினின். நடுவில் ஒரு 'னி' கூடுதல், அந்த ஒரு எழுத்தில்தான் இத்தனை கலாட்டாவும். உடலில் இருக்கும் க்ரியேட்டினில் தினமும் சுமார் 2 சதவீதம் தானாகவே க்ரியேட்டினினாக மாறி சிறுநீரில் போகிறது. லேப் அளப்பது இந்தக் கழிவைத்தான். பொடி சாப்பிட்டால் இருப்பு கூடும், கழிவும் கொஞ்சம் கூடும். 22 வயதுப் பெண் ஒருத்திக்கு 0.8 இருந்தது 1.0 ஆனது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது லேப்கள் போடும் 2021 சூத்திரப்படி அவளுடைய சிறுநீரக வடிகட்டும் அளவு சுமார் 107-லிருந்து 82-க்கு விழுந்ததாகக் காகிதம் சொல்லும். வீட்டில் ஒப்பாரி ஆரம்பம். வடிகட்டி அப்படியேதான் இருக்கிறது, சூத்திரத்துக்குத்தான் பொடி விஷயம் தெரியாது. இதைத் தெளிவுபடுத்த வழி உண்டு. தசையோடு சம்பந்தமில்லாத சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனையைக் கேட்கலாம், சிறுநீரில் அல்புமின் பார்க்கலாம். பொடியைச் சில வாரம் நிறுத்திவிட்டு மறுபடி க்ரியேட்டினின் பார்த்தாலும் தெரிந்துவிடும். அதோடு, ரத்தம் கொடுக்கும்போதே பொடி எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பி.சி.ஓ.எஸ்.ஸுக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அவசியம் சொல்ல வேண்டும், அந்த மாத்திரையின் அளவை முடிவு செய்வதும் இதே எண்தான். ஏற்கனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தப் பொடியைத் தொடவே வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

எடை இயந்திரம்தான் மூன்றாவது வில்லன். க்ரியேட்டின் தசைக்குள் தண்ணீரை இழுக்கும், முதல் சில வாரத்தில் ஒரு கிலோ ஏறலாம். "எடையைக் குறை" என்று வருஷக்கணக்கில் திட்டு வாங்கியவள் அந்த ஒரு கிலோவைப் பார்த்ததும் பொடியையும் பயிற்சியையும் சேர்த்தே விட்டுவிடுகிறாள். இடுப்பை டேப்பால் அளங்கள். எத்தனை கிலோ, எத்தனை முறை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எட்டு வாரத்தில் அந்த நோட்டில் எண்கள் ஏறவில்லை என்றால் முதலில் பயிற்சியைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கிலோ டம்பெல்லோடு முப்பது முறை ஆட்டுவது கனம் தூக்குவது ஆகாது. கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கஷ்டமாக இருக்க வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் வெறும் க்ரியேட்டின் மோனோஹைட்ரேட் போதும். தினம் 3 முதல் 5 கிராம், எந்த நேரமானாலும் சரி. முதல் வாரம் 20 கிராம் வீதம் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. தினம் 3 கிராமே நாலு வாரத்தில் தசையை நிரப்பிவிடும், வயிற்றுப்போக்கும் மிச்சம். சைவம் சாப்பிடுபவர்களுக்குப் பலன் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். கறி, மீன் வழியாக வரும் க்ரியேட்டின் அவர்களுக்கு இல்லாததால் இருப்பு குறைவாக இருக்கும். "பெண்களுக்கான கலவை" டப்பாவைக் கையில் எடுத்தால் பின்பக்கம் திருப்பி, ஒரு வேளைக்கு எத்தனை கிராம் க்ரியேட்டின் என்று தேடுங்கள். ஒரு கிராம்தான் என்றாலும், அளவே போடவில்லை என்றாலும், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.