முழங்கால் நோவும் இடமாற்றக் கடிதமும்

மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் ஏழு வருடமாக வேலை செய்யும் சகோதரி ஒருவர் தன் கடிதத்தை என்னிடம் காட்டினார். நாள் முழுக்க முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டும் வேலை. "முழங்கால் நோகிறது, பிள்ளையைப் பார்க்கவும் ஆளில்லை. வேறு பிரிவுக்கு மாற்றித் தாருங்கள்" என்று எழுதியிருந்தார். அத்தனையும் உண்மை. ஆனால் வாசிக்கும் பொறுப்பாளருக்கு, இவரால் இனி வேலை செய்ய ஏலாது என்பது மட்டுமே விளங்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது அதுவே இவருக்கு எதிராக நிற்கலாம்.

எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டேன். அளவைப் பிரிவு என்றார். ஊர் ஊராகச் சென்று சனத்திடம் விசாரித்து, வெடி இருக்கக்கூடிய இடங்களை வரைபடத்தில் குறிப்பவர்கள் அவர்கள்.

"அங்கே உங்களால் அவர்களுக்கு என்ன பயன்?"

கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "விறகுக்கும் மாட்டுக்கும் காட்டுக்குப் போறது பொம்பிளையள்தான், அக்கா. ஆம்பிளையள் வந்து கேட்டால் அவையள் வாய் திறக்கமாட்டினம். எனக்குச் சொல்லுவினம். வெடியளை எப்பிடி வரிசையாய்த் தாட்டிருப்பினம் எண்டும் எனக்குத் தெரியும்."

கடிதத்துக்கு வேண்டியது இதுதான். இன்னொரு காரணமும் உண்டு. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. நிலங்களைத் துப்புரவாக்க அதன்படி கிடைத்த காலக்கெடு 2028 ஜூன். முடிவு நெருங்க நெருங்க, எஞ்சிய இடம் எது என்று உறுதிசெய்யும் வேலை முக்கியமாகும்.

இருவரும் இருந்து திருத்தி எழுதினோம்:

"ஏழு வருடமாக வெடி அகற்றும் அணியில் பணிபுரிகிறேன். அளவைப் பிரிவில் பணிபுரிய விரும்புகிறேன். வெடி புதைக்கப்படும் முறையை நேரில் அறிந்திருப்பதாலும், காட்டுக்குப் போகும் பெண்களிடம் தயக்கமின்றிப் பேசக்கூடியதாலும், விடுபட்ட இடங்களைக் கண்டறிய என்னால் உதவ முடியும். எனது இடத்துக்கு வருபவருக்கு இரு வாரம் வேலை பழக்கிவிட்டே செல்வேன். முதல் மூன்று மாதத்தைப் பரீட்சார்த்த காலமாகக் கொள்ளலாம். களத்துக்கு அருகே வேலை கிடைத்தால் குடும்பப் பொறுப்பையும் சமாளிக்க எனக்கு இலகுவாயிருக்கும்."

சொந்தத் தேவை மறைக்கப்படவில்லை. கடைசியில், ஒரே வரியில் நிற்கிறது. கடிதம் அணித் தலைவர் ஊடாகவே போகவேண்டும். அவரைத் தாண்டிப் போனால் அவரே தடையாவார்.

முழங்கால் நோவை மட்டும் இதில் கலக்கவில்லை. அதை மறைக்கவும் கூடாது. வெடிநிலத்தில் நோவோடு கவனம் சிதறினால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவ உதவியாளரிடம் சொல்லிப் பதியச் சொன்னேன்.

கையொப்பமிட முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அடிப்படைச் சம்பளம் குறையுமா, களப் படி நிற்குமா, ஊழியர் சேமலாப நிதியில் சேவைக்காலம் தொடருமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வெற்றிடம் இல்லையென்றால், எந்தத் தகுதியும் கடிதமும் உதவாது. அப்போது கோரிக்கையைக் கோவையில் வைக்கச் சொல்லி, அடுத்த வெற்றிடம் எப்போது என்று கேளுங்கள். இச்சகோதரி கடிதத்தைக் கொடுத்துவிட்டார். பதிலுக்குக் காத்திருக்கிறார்.