மணல் வாளி அணைக்காத தீ

சென்ற இதழில் ‘மின் ஸ்கூட்டர் தீப்பிடித்தால்’ என்ற கட்டுரையைப் படித்தேன். லித்தியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும், அதனால் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள், மணலைக் கொட்டிக் காற்றை அடைத்தால் தானாக அணைந்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். பள்ளிக்கூடத்தில் சோடியத் துண்டைத் தண்ணீரில் போட்டுக் காட்டியது அவர் நினைவில் அப்படியே நிற்கிறது போலும். நினைவாற்றலைப் பாராட்டலாம். அதற்குப் பிறகு எதையும் படிக்காததைப் பாராட்ட முடியாது.

போனிலும் ஸ்கூட்டரிலும் இருக்கும் லித்தியம் அயனி செல்லில், அவர் பயப்படும் அந்த உலோகத் துண்டு கிடையாது. லித்தியம் அங்கே அயனிகளாகக் கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. சார்ஜ் ஏறிய கிராஃபைட் தண்ணீர் பட்டால் சிறிது ஹைட்ரஜனை வெளிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தீயின் மூலம் அதுவல்ல. செல்லுக்குள் இருக்கும் திரவம் பெட்ரோலைப் போலவே எரியக்கூடிய கரிமக் கரைப்பான். நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். அது பாலி எத்திலீனாக இருந்தால் சுமார் 130 டிகிரியில் உருகிவிடும். உருகியதும் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகிறது, சூடு மேலும் ஏறுகிறது. நிக்கல் கலந்த நேர்முனை 200 டிகிரியைத் தாண்டும்போது தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் தானே வெளிவிடத் தொடங்குகிறது.

கட்டுரையாளரின் மணல் வாளி இங்கேதான் தோற்கிறது. விறகைப் போர்வையால் மூடினால் அணையும், ஏனென்றால் அதற்குக் காற்று வெளியிலிருந்து வரவேண்டும். இந்தச் செல்லுக்கு வேண்டிய சூடும் ஆக்சிஜனும் உள்ளேயே உண்டாகின்றன. மணலோ கரியமில வாயுவோ வெளியே தெரியும் தழலைச் சற்று நேரம் அடக்கலாம். உள்ளே நடப்பதை நிறுத்தாது. மணல் அதோடு சூட்டையும் வெளியேற விடாமல் பொத்தி வைக்கும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். விரல் பருமனுள்ள ஒரு செல்லில் சுமார் 12 வாட்-மணி மின்சாரம் இருக்கிறது. அதை வெப்பமாக்கினால் 43 கிலோஜூல். எரியும் திரவத்தின் வெப்பம் இதற்கு மேல் தனி. 3 யூனிட் பேட்டரியில் அப்படி 250 செல்கள் நெருக்கியடித்து நிற்கும். ஒன்று வெடித்தால் அதன் சூடு பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். இந்தச் சங்கிலியை அறுக்கச் சூட்டை உறிஞ்ச வேண்டும். 30 டிகிரியில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாவதற்குள் ஏறத்தாழ 2,500 கிலோஜூலைக் குடித்துவிடும். வீட்டில் கிடைக்கும் வேறெந்தப் பொருள் இதைச் செய்யும்? விமானத்துக்குள் போன் தீப்பிடித்தால் தழலை அணைத்துவிட்டுத் தண்ணீரோ மது கலக்காத பானமோ ஊற்றிக் குளிரவைக்கச் சொல்கிறது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம். அவர்களும் சோடியம் பாடத்தை மறந்துவிட்டார்கள் என்பாரோ?

அப்படியானால் ஸ்கூட்டர் தீயைத் தீயணைப்பு வண்டியாலும் சட்டென்று அணைக்க முடியாதது ஏன்? மழைநீர் புகாதபடி பேட்டரிப் பெட்டியை இறுக மூடியிருக்கிறார்கள். மழையைத் தடுக்கும் அதே மூடி குழாய்த் தண்ணீரையும் தடுக்கிறது. குறை தண்ணீரில் இல்லை, அது போய்ச் சேராததில் இருக்கிறது. அதனால்தான் அணைந்ததுபோலத் தெரிந்த பேட்டரி பல மணி நேரம் கழித்து, சில சமயம் நாட்கள் கழித்துக்கூட, மீண்டும் பற்றுகிறது.

தழலை மட்டும் அடக்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. செல் கக்கும் புகையில் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, கரைப்பானின் ஆவி எல்லாம் இருக்கின்றன. எரியாமல் அறைக்குள் தேங்கினால் அதுவே வெடிமருந்து. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சர்ப்ரைஸ் என்ற ஊரிலுள்ள மின்சேமிப்பு நிலையத்தில் இதுதான் நடந்தது. அணைப்பு வாயு தானாகவே பீய்ச்சப்பட்டது. ஆனால் செல்கள் உள்ளே வெந்துகொண்டே இருந்தன. சில மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது வெடித்து, தீயணைப்பு வீரர்கள் படுகாயமடைந்தார்கள்.

நம் ஊர்ச் செய்தியையாவது கட்டுரையாளர் படித்திருக்கலாம். 2022 மார்ச்சில் வேலூரில், இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து ஒரு தந்தையும் 13 வயது மகளும் இறந்தார்கள். மூச்சு முட்டவைத்த புகைதான் அவர்களைக் கொன்றது. அந்தப் புகைக்குள் மணல் வாளியோடு போகச் சொல்வதற்குப் பெயர் அறிவுரையா?

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. போன் எரிந்தால் சார்ஜரின் சுவிட்சை அணைத்துவிட்டு, குளிரும்வரை தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். ஸ்கூட்டர் எரிந்தால் எதையும் அணைக்க முயலாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள். எரிவது பேட்டரி என்று மறக்காமல் சொல்லுங்கள். ஸ்கூட்டரை இரவில் வாசற்படியை மறித்து சார்ஜ் போடாதீர்கள், ஓடுவதற்கு அந்த ஒரு வழிதான் இருக்கும்.