சக்தித் தொகுதிகள் அஞ்சலோட்டம் ஓடுவதில்லை

ஆசிரியர் உரை

‘100 மீற்றர் ஓட்டம்: ஏ.ரீ.பி – பி.சி தொகுதி. உதைபந்தாட்டம்: இலற்றிக் அமிலத் தொகுதி. மரதன்: ஒட்சிசன் தொகுதி.’ பத்தாம், பதினோராம் தரங்களில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் எவருக்கும் இந்த மூன்று வரி விடை பழக்கமானதுதான். மாணவர் இதை மனனம் செய்துவிடுகிறார்கள். ஆனால் அதே மாணவரிடம், “முதல் பாதியில் எல்லோரையும் முந்திய வலது ஓர வீரர் எண்பதாவது நிமிடத்தில் ஏன் பந்தைத் துரத்தாமல் நின்றுவிட்டார்?” என்று கேட்டால் மேற்படி வரிகள் கைகொடுப்பதில்லை. முதல் பத்து வினாடிக்கு ஒன்று, அடுத்த இரண்டு நிமிடத்துக்கு இன்னொன்று, பிறகு மூன்றாவது என்று தொகுதிகள் கோலைக் கைமாற்றும் அஞ்சலோட்டமாக நாம் கற்பித்துவிட்டதே காரணம்.

உண்மையில் மூன்றும் முதல் அடியிலேயே தொடங்கிவிடுகின்றன. தசையில் ஆயத்தமாக இருக்கும் ஏ.ரீ.பி முழு வேகத்துக்கு ஒருசில வினாடிகளே போதும். அதை மீண்டும் உருவாக்க, கிரியேற்றின் பொசுபேற்று உடனடியாக உதவும், ஆனால் அதன் இருப்பு சிறிது. ஒட்சிசனின்றிக் கிளைக்கோஜனை உடைக்கும் வழி சற்றே மெதுவானது, ஆனால் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஒட்சிசன் வழி உச்சத்தை எட்ட நேரமெடுக்கும், எட்டிய பின் மணிக்கணக்கில் ஓடும். தொடர்ந்து முழு முயற்சியுடன் ஓடினால், ஒட்சிசனின் பங்கும் மற்ற இரண்டின் கூட்டுப் பங்கும் சமமாவது ஏறத்தாழ 75 வினாடியில். ஆகவே 800 மீற்றர் ஓட்டத்திலேயே ஒட்சிசனின் பங்கு பாதியைத் தாண்டிவிடுகிறது. ‘இரண்டு நிமிடத்துக்குப் பிறகுதான் ஒட்சிசன்’ என்ற வாக்கியத்தைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடலாம்.

குறுந்தூர ஓட்டத்துக்கு 2009 பெர்லினில் உசைன் போல்ட் ஓடிய 9.58 வினாடியை இருபது இருபது மீற்றராகப் பிரித்து வகுப்பில் எழுதுங்கள்: 2.89, 1.75, 1.67, 1.61, 1.66. கடைசி இருபது மீற்றரில் உலகின் வேகமான மனிதரும் வேகம் குறைகிறார். கிரியேற்றின் பொசுபேற்று வடிந்துகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். நரம்பும் தசையும் அந்த வேகத்தில் ஒத்திசைவை இழப்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது.

அதிகம் பிழைபடும் உதாரணம் உதைபந்தாட்டம்தான். உயர்மட்டப் போட்டியொன்றில் ஒரு நடுக்கள வீரர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீற்றர் வரை கடக்கிறார். அவருடைய சராசரி இதயத்துடிப்பு உச்சத்தின் நூற்றுக்கு 85 வீத அளவில் இருக்கும். இது ஒட்சிசன் தொகுதியின் வேலை. ஆனால் ஆட்டத்தைத் தீர்மானிக்கும் பாய்ச்சல்கள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வினாடிதான் நீடிக்கின்றன. அது கிரியேற்றின் பொசுபேற்றின் வேலை. இரண்டையும் இணைப்பது இடையில் கிடைக்கும் ஓய்வு. செலவான கிரியேற்றின் பொசுபேற்றில் ஏறத்தாழ பாதி அரை நிமிடத்தில் மீளும், முழுவதும் மீள மூன்று முதல் ஐந்து நிமிடம் தேவை. அந்த மீட்சிக்கு வேண்டிய சக்தியைக் கொடுப்பது ஒட்சிசன். மெதுவோட்டப் பயிற்சியில் வளர்ந்த ஒட்சிசன் தொகுதியே அடுத்த பாய்ச்சலை ஆயத்தப்படுத்துகிறது என்பதை மாணவர் இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும்.

1993 இல் கைட்டானோஸும் சக ஆய்வாளரும் வெளியிட்ட சைக்கிள் பரிசோதனை இதைத் தெளிவாக்குகிறது. ஆறு வினாடி முழு மூச்சு மிதி, முப்பது வினாடி ஓய்வு என்று பத்துத் தடவை செய்தார்கள். முதல் தடவையில் ஒட்சிசனில்லா வழிகளில் கிடைத்த சக்தியில் நூற்றுக்கு 50 வீதமளவு கிரியேற்றின் பொசுபேற்றிலிருந்தும் 44 வீதமளவு கிளைக்கோஜனிலிருந்தும் வந்தது. பத்தாவது தடவையில் கிளைக்கோஜனின் பங்கு சுமார் 16 வீதமாகச் சுருங்கியது. ஆற்றல் 27 வீதம் குறைந்தது. களைப்பு கூடக்கூட ‘இலற்றிக் அமிலத் தொகுதி பொறுப்பேற்கிறது’ என்று நாம் சொல்லிவருவதற்கு நேர்மாறானது இது.

இதை மலையகத்தின் வட்டவளை போன்ற ஊர்ப் பாடசாலையிலும் செய்துகாட்டலாம். தென்மேல் பருவமழையில் மைதானம் சேறாகிவிடும் என்பதால் ஜனவரி முதல் மார்ச் வரையான உலர் நாட்களே உகந்தவை. 30 மீற்றர் அளந்து, நன்கு உடலைச் சூடாக்கிய பின், ஒரே மாணவரை ஆறு தடவை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு நாள் இருபது வினாடி ஓய்வுடனும், வேறொரு நாள் இரண்டு நிமிட ஓய்வுடனும் செய்யுங்கள். எடுத்துக்காட்டாக முதல் நாள் 4.8, 4.9, 5.0, 5.2, 5.3, 5.4 வினாடி வந்தால் மொத்தம் 30.6. சிறந்த நேரத்தின் ஆறு மடங்கு 28.8. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.0625, அதாவது ஆறு வீதச் சரிவு. இரண்டாம் நாள் சிறந்த நேரம் அதே 4.8 ஆகவும் மொத்தம் 29.1 ஆகவும் இருந்தால் சரிவு ஒரு வீதம் மட்டுமே. ஓடிய தூரம் ஒன்றே, மாறியது ஓய்வு மட்டும்.

இரண்டு இடங்களில் இப்பரிசோதனை பிழைக்கும். ஆறு ஓட்டம் என்று தெரிந்த மாணவர் முதல் ஓட்டங்களில் வேகத்தைச் சேமித்துவைப்பார். முன்கூட்டியே ஒற்றை ஓட்டமொன்றின் நேரத்தைக் குறித்துவைத்து, முதல் ஓட்டம் அதைவிட நன்றாக மந்தமாயிருந்தால் அந்தத் தொடரை விட்டுவிடுங்கள். அடுத்தது கைக்கடிகாரம். கையால் அழுத்தும்போது பத்தில் ஒன்றிரண்டு வினாடி தவறுவது இயல்பு. ஆகவே நேரம் எடுப்பவர் இரு நாளும் ஒருவராகவே இருக்கட்டும், 0.1 வினாடி வித்தியாசத்தில் பொருள் தேடாதீர்கள். இழுப்பு உள்ள மாணவருக்கு நேரக்குறிப்பு வேலை கொடுங்கள்.

நெடுந்தூர ஓட்டத்தையும் ஒற்றைத் தொகுதிக்குள் அடைக்க முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மோ பாரா 10,000 மீற்றரை 27 நிமிடம் 30.42 வினாடியில் வென்றார். 25 சுற்றுகளுக்குச் சராசரி 66 வினாடி, ஆனால் கடைசிச் சுற்று 53.5 வினாடி அளவில். ஓட்டம் முழுவதையும் ஒட்சிசன் தாங்கியது. அந்த முடிவு வேகத்துக்கு மற்ற இரண்டு தொகுதிகளும் தேவைப்பட்டன.

உயரத்தையும் இங்கே பேசலாம். சுமார் 1,000 மீற்றர் உயரத்தில் காற்றமுக்கம் கடல்மட்டத்தைவிடப் பத்து வீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் 9.96 வினாடியில் 100 மீற்றரை ஓடிய சுவிட்சர்லாந்தின் லா ஷோ டி ஃபோன் நகரமும் இதே அளவு உயரத்தில்தான் இருக்கிறது. ஐதான காற்று தடையைக் குறைத்துக் குறுந்தூர வீரருக்கு உதவுகிறது, நெடுந்தூர வீரருக்கு ஒட்சிசனைக் குறைக்கிறது. 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் 1968 இல் ஜிம் ஹைன்ஸ் 100 மீற்றரில் 9.95 வினாடி என்ற உலக சாதனை படைத்தார். அதே போட்டியின் 10,000 மீற்றரை நப்தலி தெமு 29 நிமிடம் 27.4 வினாடியில் வென்றார். அன்றைய உலக சாதனையைவிட அது ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் மந்தம். எந்தத் தொகுதிக்கு ஒட்சிசன் உடனே தேவை என்பதை இந்த இரு நேரங்களையும் கொண்டே மாணவர் கண்டுபிடிக்கலாம்.

மறுநாள் தசை நோவுக்கு இலற்றிக் அமிலம்தான் காரணம் என்ற கூற்றையும் கைவிடலாம். இரத்தத்தில் கூடிய இலற்றேற்று ஓய்வில் ஒரு மணி நேரமளவில் வழமைக்குத் திரும்பிவிடும். தேயிலை மலைச் சரிவில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இலற்றேற்று கூடுகிறது. இறங்கும்போது மூச்சு இலகுவாகவே இருக்கிறது. ஆனாலும் மறுநாள் தொடை கடுப்பது அதிகம் இறக்கத்தில் ஓடியதால்தான், ஏனெனில் நீளும்போதே விசை தாங்கும் தசையிழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது.

மதிப்பீட்டில் ‘எந்தத் தொகுதி?’ என்ற வினாவுக்குப் பதிலாக ஒரு அட்டவணையைக் கொடுங்கள். ஒரு வீரரின் பாய்ச்சல் நேரங்களும் இடைவெளிகளும் அதில் இருக்கட்டும். “ஐந்தாவது பாய்ச்சல் ஏன் மந்தமானது? இடைவெளி ஒரு நிமிடம் நீண்டால் என்ன மாறும்? அதற்கு எந்தத் தொகுதி சக்தி கொடுக்கும்?” என்று கேளுங்கள். மூன்று தொகுதிகளையும் ஒரே விடைக்குள் கொண்டுவராமல் அந்த வினாவுக்கு எழுத முடியாது.